டிராக்கிங் நம்பர் இருக்கிறது, சாமான் எங்கே?

வக்கீல் தம்பிக்கு, பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். மகள் கல்யாணத்துக்குச் சாமான் பரப்ப, பழைய எனாமல் பாத்திரம் ஒரு செட் போனில் பார்த்து ஆர்டர் போட்டேன். காரைக்குடி கடை என்றுதான் போட்டிருந்தது. முதலில் 2,000 அட்வான்ஸ், பேக்கிங் செய்த போட்டோ அனுப்பியதும் 5,500, இரண்டும் ஜிபேயில் அனுப்பினேன். எட்டு நாள் ஆகிவிட்டது. ஸ்பீட் போஸ்ட் நம்பர் என்று EM482913652IN கொடுத்தார்கள். தபால் துறை பக்கத்தில் போட்டால் ஒன்றும் வரவில்லை. கேட்டால் சர்வர் அப்டேட் ஆகவில்லை என்கிறார்கள். நேற்று அவர்களே ஒரு லிங்க் அனுப்பினார்கள். அதில் பார்சல் திருச்சியில் இருப்பதாகக் காட்டுகிறது. 850 ரூபாய் டெபாசிட் கட்டினால் மறுநாள் வீட்டுக்கு வரும், டெபாசிட்டையும் திருப்பித் தருவோம் என்கிறார்கள். கட்டலாமா?

ஆச்சி, கட்ட வேண்டாம். அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டு முதலில் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் பண மோசடிக்கென்று இருக்கும் அரசு உதவி எண் அது. பேசி முடித்த பிறகு மற்றதைப் படிக்கலாம்.

போன் செய்வதற்கு முன் ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வங்கிப் பெயர், கணக்கு எண், பணம் அனுப்பிய தேதி, நேரம், தொகை, வாங்கியவரின் யூபிஐ முகவரி, திரையில் வந்த பெயர். அப்புறம் ஜிபேயில் அந்தப் பணப் பரிமாற்றத்தைத் தொட்டால் UPI transaction ID என்று 12 இலக்க எண் ஒன்று இருக்கும். சில ஆப்களில் அதையே UTR என்று போட்டிருப்பார்கள். வங்கிகள் பணத்தின் தடத்தைப் பிடிப்பது அந்த எண்ணை வைத்துத்தான். நீங்கள் இரண்டு தடவை அனுப்பியிருக்கிறீர்கள், ஆகையால் எண்ணும் இரண்டு. பலர் பெரிய தொகையின் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அட்வான்ஸை விட்டுவிடுகிறார்கள். அந்த அட்வான்ஸ் வேறொரு கணக்குக்குப் போயிருந்தால், புகாரில் சொல்லாத அந்தக் கணக்கை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இரண்டையும் சொல்லுங்கள்.

இனி, இது மோசடிதான் என்று நான் எப்படிச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே அதற்கான சான்று இருக்கிறது. அந்த டிராக்கிங் நம்பரே அது.

ஸ்பீட் போஸ்ட் எண்ணில் 13 எழுத்துகள் இருக்கும். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், கடைசியில் IN. உங்களுக்கு வந்ததும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது இலக்கத்தில் எட்டுதான் வரிசை எண். ஒன்பதாவது இலக்கம் முதல் எட்டையும் கணக்குப் போட்டு வருவது, யாரும் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. எழுதும்போது ஒரு எண் பிசகினால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறை இது. முதல் எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டலை 11-ஆல் வகுத்து, வரும் மீதியை 11-லிருந்து கழிக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன்:

```
4×8 + 8×6 + 2×4 + 9×2 + 1×3 + 3×5 + 6×9 + 5×7 = 213
213 ÷ 11 : மீதி 4
11 − 4 = 7
```

கடைசி இலக்கம் 7 ஆக இருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த எண் 2-இல் முடிகிறது. அப்படி ஒரு பார்கோடு எந்தத் தபால் அலுவலகத்திலும் ஒட்டப்பட்டிருக்காது. யாரோ உட்கார்ந்துகொண்டு கைக்கு வந்த எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். கடிதத்தில் எழுதும்போது நீங்கள் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டீர்களோ என்ற சந்தேகம் வந்தது. அதனால் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தையும் பார்த்தேன். அதிலும் இதே எண்தான்.

இந்தக் கணக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் செல்லும். கணக்குத் தவறினால் எண் பொய் என்று அடித்துச் சொல்லலாம். கணக்குச் சரியாக வந்தால் எண் உண்மை என்று சொல்லிவிட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் பத்தில் ஒரு தடவை கடைசி இலக்கம் தானாகப் பொருந்திவிடும்.

சர்வர் அப்டேட் ஆகவில்லை என்ற பதிலுக்கும் ஒரு வார்த்தை. கவுன்டரில் பார்சலைக் கொடுத்ததும் எண் கணினியில் ஏறிவிடும். பக்கத்தில் தெரியச் சில மணி நேரம் ஆகலாம், சில சமயம் மறுநாள் வரைகூடப் போகலாம். மூன்று நாள் கழிந்தும் ஒரு வரிகூட வரவில்லை என்றால், அந்தப் பார்சல் தபால் அலுவலகத்துக்கு வந்து சேரவே இல்லை என்றுதான் பொருள். நேர்மையான வியாபாரிகளும் சில நேரம் எண்ணை முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் பார்சலை மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பது உண்டு. அப்படிப்பட்டவரிடம் ரசீதைக் கேட்டால் உடனே போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். ரசீதில் எந்த அலுவலகம், எத்தனை மணி, எவ்வளவு எடை, எவ்வளவு கட்டணம் என்று எல்லாம் இருக்கும். உங்களுடைய ஆளோ ரசீது அனுப்பாமல் ஒரு லிங்க்தான் அனுப்பியிருக்கிறார்.

அந்த லிங்கை என் அலுவலகக் கணினியில் திறந்து பார்த்தேன். தபால் துறையின் சின்னம், சிவப்பு நிறம் எல்லாம் அச்சாக இருந்தது. உங்கள் எண்ணுக்குப் பதிலாக எல்லாமே சைபராக ஒரு எண்ணைப் போட்டேன். அதற்கும் பார்சல் திருச்சியில் இருக்கிறது என்றுதான் வந்தது. அடுத்து என் பெயரைத் தட்டினேன், நானும் திருச்சியில்தான் இருந்தேன். எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்லும் படம் அது. தபால் துறையின் உண்மையான இணைய முகவரி indiapost.gov.in என்று முடியும். gov.in அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. speed, post, track என்ற சொற்கள் முகவரியின் முன்னாலோ நடுவிலோ எத்தனை வந்தாலும் அதற்கு மதிப்பில்லை, முகவரி எதில் முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வரும் பார்சலுக்கு டெபாசிட் வாங்கும் பழக்கமும் தபால் துறையில் கிடையாது. லிங்கில் கார்டு எண் எதையாவது கொடுத்திருந்தால் அந்தக் கார்டை இன்றே முடக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஆப் இறக்கச் சொல்லி நீங்களும் இறக்கியிருந்தால் போனின் இணையத்தை நிறுத்திவிட்டு அந்த ஆப்பை நீக்குங்கள். வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

இத்தனை பாடுபட்டு ஒரு பொய் எண்ணை அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? பணம்தான் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதே. நாள் கடத்துவதற்குத்தான் அந்த எண். பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்று நம்பும் வரை யாரும் 1930-ஐ அழைப்பதில்லை. உங்கள் பணம் போய்ச் சேர்ந்த கணக்கு பெரும்பாலும் வாடகைக்கு வாங்கிய யாரோ ஒருவரின் கணக்காக இருக்கும். அங்கிருந்து இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாகக் கைக்கு வந்துவிடும். 1930-இல் புகார் பதிவானதும் அந்த விவரம் வங்கிக்குப் போகும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைப்பார்கள். அது நடக்கப் பணம் ஏதாவது ஒரு கணக்கில் இன்னும் இருந்தாக வேண்டும். முதல் சில மணி நேரத்தில் அதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. எட்டு நாளில் வாய்ப்புக் குறைவு என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். இருந்தும் உங்களுக்கு இன்று அவசரம்தான். 850 இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதால் அந்த யூபிஐ முகவரி உயிரோடு இருக்கிறது. கணக்கு முடங்கும்போது அதில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுவும் சேர்ந்தே முடங்கும்.

1930-இல் பேசியதும் ஒரு ஒப்புகை எண் தருவார்கள். அதோடு வேலை முடிந்துவிடாது. cybercrime.gov.in பக்கத்தில் அன்றைக்கே புகாரை முழுதாக நிரப்ப வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், கடையின் பக்கம், இரண்டு பணப் பரிமாற்றம், பொய் டிராக்கிங் பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து அதில் சேருங்கள். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், எதிராளியை பிளாக்கும் செய்யாதீர்கள். பிளாக் செய்தால் அவர்கள் அனுப்பும் அடுத்த செய்தி உங்களுக்கு வராது, அதுவும் ஒரு சாட்சிதான். இதையெல்லாம் போனில் செய்யச் சிரமமாக இருந்தால் மகளை உட்கார வையுங்கள். இல்லையென்றால் சிவகங்கை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் போய்க் கொடுக்கலாம்.

அதே நாளில் உங்கள் வங்கிக் கிளையிலும் எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். 1930 ஒப்புகை எண்ணை அதில் குறிப்பிட்டு, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால், பிறகு யாரும் சொன்னதாக ஒப்புக்கொள்ளமாட்டார்கள். என்னிடம் வந்த பலருக்கு இந்தச் சிக்கல் வந்திருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கியே முழுப் பணத்தையும் தந்துவிடும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது உண்மை. ஆனால் அது நீங்கள் அறியாமல், உங்கள் சம்மதம் இல்லாமல் பணம் போன சங்கதிக்கு. நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணம் அதில் அடங்காது. அதனால் வங்கி மேலாளர் கையை விரித்தால் அவர் ஏய்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். மனுவை வாங்க மறுத்தாலோ, புகாரை மேலே அனுப்பாமல் கிடப்பில் போட்டாலோ அது வேறு விஷயம். 30 நாள் பார்த்துவிட்டு cms.rbi.org.in பக்கத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

இப்படி ஏமாற்றும் கடைக்காரர்கள் தனியாள் கணக்குக்கே அனுப்பச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பதிவு செய்த வணிகக் கணக்குக்கு அனுப்பியிருந்தால், பொருள் வரவில்லை என்று ஆப்பிலேயே தகராறு எழுப்ப வழி உண்டு. கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக் என்று கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்கலாம். ஒரு தனியாள் இன்னொரு தனியாளுக்கு அனுப்பினால் அது கைமாற்றுக் கொடுத்த மாதிரிதான். பொருள் வந்ததா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் திரையில் கடைப் பெயர் வந்ததா, வேறு ஆள் பெயர் வந்ததா என்று எழுதவில்லை. பார்த்துப் புகாரில் சேருங்கள்.

கார்டில் கட்டியவர்களுக்கும் டிராக்கிங் நம்பரில் ஒரு கண்ணி இருக்கிறது. அது உங்களுக்கு வந்ததைவிடக் கெட்டிக்காரத்தனமானது. கல்லல் பக்கத்து நண்பர் ஒருவர் கார்டில் பணம் கட்டி மரச் சாமான் ஒன்று வாங்கினார். அவருக்கு வந்த எண் உண்மையானது. தபால் துறைப் பக்கத்திலேயே எல்லாம் வந்தது, அவருடைய பின்கோடுக்கு டெலிவரி ஆனதாகவும் போட்டிருந்தது. வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. வங்கியில் சார்ஜ்பேக் கேட்டதும் கடைக்காரன் அந்த டெலிவரிப் பதிவையே சாட்சியாகக் கொடுத்துவிட்டான். வங்கியும் அதை ஏற்றுக்கொண்டு கேஸை மூடிவிட்டது. அந்தப் பக்கத்தை நாங்கள் உற்றுப் பார்த்தோம். பார்சல் புக் ஆன தேதி இவர் பணம் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால். கட்டணமாகப் போட்டிருந்ததும் ஒரு கடிதத்துக்கு ஆகும் தொகைதான். ஆள் உயர மரச் சாமானை அந்தக் கட்டணத்தில் அனுப்ப முடியுமா? அதே பின்கோடில் வேறு யாருக்கோ போன ஒரு கவரின் எண்ணைப் பிடித்து இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். டெலிவரி செய்த தபால் அலுவலகத்தில் கேட்டபோது வாய்மொழியாகச் சொன்னார்கள், எழுதித் தரத் தயங்கினார்கள். பத்து ரூபாய்க் கட்டணம் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். அந்த எண்ணுள்ள தபால் இவர் பெயருக்கு வந்ததல்ல என்று எழுத்தில் பதில் வந்தது. அதை வைத்து வங்கியில் மறுபடி வாதாடினோம், பணம் வந்தது. அதனால் யாருக்காவது டெலிவரி ஆகிவிட்டது என்று காட்டினால் அதோடு விட்டுவிடாமல், புக் ஆன தேதி, அனுப்பிய ஊர், கட்டணம் மூன்றையும் பாருங்கள். பிறகு உங்கள் தபால்காரரைக் கேளுங்கள். நம் ஊர்களில் தபால்காரருக்கு வீடு வீடாகத் தெரியும். அன்றைக்கு அந்தத் தெருவில் என்ன கொடுத்தார் என்பதை அவர் சொல்லிவிடுவார்.

கடையைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். அவர்களுடைய இணையப் பக்கத்தில் முனீஸ்வரன் கோவில் தெரு, காரைக்குடி என்று மட்டும் முகவரி இருந்தது, கதவு எண் இல்லை. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு என்பது நம் எல்லோருக்கும் தெரியும், வெளியூர் ஆட்களுக்கும் இப்போது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயரைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறினால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பணம் அனுப்பும் முன் காரைக்குடியில் இருக்கும் ஒரு சொந்தக்காரரை அந்தத் தெருவில் நடந்து பார்த்து வரச் சொல்லியிருந்தால் போதும். நேற்று என் குமாஸ்தாவை அனுப்பினேன். அந்தப் பெயரில் அங்கே கடை இல்லை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், இதே பெயரைக் கேட்டு இந்த மாதம் வந்த மூன்றாவது ஆள் நீங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, பக்கத்தின் அடியில் ஒரு ஜிஎஸ்டி எண் இருந்தது. அந்த எண்ணில் 15 எழுத்துகள் இருக்கும், முதல் இரண்டு இலக்கமும் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. இந்தக் கடையின் எண் 07-இல் ஆரம்பிக்கிறது, அது டெல்லி. காரைக்குடியில் கடை வைத்திருப்பவருக்கு டெல்லிப் பதிவு எதற்கு? services.gst.gov.in பக்கத்தில் Search Taxpayer பகுதியில் அந்த எண்ணைப் போட்டேன். சம்பந்தமே இல்லாத, துணி வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தது. அவர்களும் இதில் பாதிக்கப்பட்டவர்கள்தான். பெரிய தொகை கொடுக்கும் முன் இதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும், கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். எதிர்த்தரப்புக்குப் பெயரும் முகவரியும் உண்மையாக இருந்தால்தான் அங்கே வழக்கு நிற்கும். இங்கே இரண்டுமே பொய். ஆகவே முதலில் காவல் நிலையம்தான்.

ஏதாவது கணக்கில் பணம் முடக்கப்பட்டதாக உங்களுக்குத் தகவல் வந்தால் அது தானாக உங்களிடம் வந்துவிடாது. சில நேரம் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருக்கலாம். அந்தத் தகவல் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள், மனு தேவைப்பட்டால் நான் தயார் செய்கிறேன், கட்டணம் வேண்டாம்.

இன்னும் சில வாரத்துக்கு உங்களுக்குப் போன் வரும், அதற்குத் தயாராக இருங்கள். உங்கள் பெயர், எண், வீட்டு விலாசம், என்ன ஏமாந்தீர்கள் என்பது எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. சைபர் கிரைம் அதிகாரி பேசுகிறேன், பணத்தைப் பிடித்துவிட்டோம், செலவுக்கு இவ்வளவு அனுப்புங்கள் என்று ஒருவர் பேசலாம். ரீஃபண்டுக்கு இந்தப் படத்தை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள் என்று இன்னொருவர் பேசலாம். பின் எண் போட்டால் பணம் வெளியேதான் போகும், உள்ளே வருவதற்குப் பின் எண் தேவையே இல்லை. அண்ணாச்சியிடமும் மகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அவர்கள் போனை எடுக்கும் நேரத்தில் இந்த அழைப்பு வரக்கூடும்.

அந்த 850 ரூபாய்க்காரர் இன்றும் கேட்டால் சண்டை போட வேண்டாம், புகார் கொடுத்துவிட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். நாளைக்குப் பார்க்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, எந்த யூபிஐ முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். புதிதாக ஒன்று கொடுத்தால் அதைப் படமெடுத்து, உங்கள் ஒப்புகை எண்ணோடு சைபர் கிரைம் நிலையத்துக்கு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.